வேர்முடி

அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மூக்குதான் வேலை செய்துகொண்டிருந்தது. மனைவியின் மூக்கு பள்ளிக்கூட நாளிலேயே சைனஸில் அடைபட்டு, கண்ணாடி உட்காருவதற்கு ஒரு திண்டு என்ற அளவில் ஓய்வு பெற்றுவிட்டது. கணவருடையதோ பேர்பெற்ற மூக்கு. பல மாடி அலுவலகம் ஒன்றின் கேன்டீனில் அவர் தலைமைச் சமையல்காரர். அங்கே எல்லோரும் அவரை மூக்கு மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். மூடியைத் திறக்காமலே உப்பு போட்டாயிற்றா இல்லையா என்று சொல்லிவிடுவார் என்று ஒரு கதை உலவியது. உப்புக்கு வாசனையே கிடையாது என்பது மாஸ்டருக்குத் தெரியும். ஆனால் தன் புகழில் உள்ள பிழையை எவன் உட்கார்ந்து திருத்துவான்?

அப்படிப்பட்ட மூக்கைத்தான் ஒரு காய்ச்சல் வந்து கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

சாதாரணக் காய்ச்சல். படுத்தார், எழுந்தார், வேலைக்குப் போனார். சட்டியில் வெங்காயத்தைக் கொட்டிக் கிளறும்போது ஏதோ ஒன்று குறைவது போல இருந்தது. காது அடைத்துக்கொண்டால் உலகம் எப்படி இருக்குமோ அப்படி. குனிந்து முகர்ந்தார். ஆவி முகத்தில் அடித்தது, சூடு தெரிந்தது, அவ்வளவுதான். பூண்டை நசுக்கி மூக்கருகே கொண்டுபோனார். கூழாங்கல்லை முகர்ந்தது போல இருந்தது. இரண்டொரு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தார். பிறகு இரண்டொரு வாரத்தில் என்று நினைத்தார். இப்போது நினைப்பதையே நிறுத்திவிட்டார்.

யாரிடமும் சொல்லவில்லை. நாக்கு இருந்தது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு இந்த நான்கும் நாக்கின் இலாகா, அதில் பழுதில்லை. மீதியைக் கை பார்த்துக்கொண்டது. முப்பது வருஷமாக அளந்த கை, கண்ணை மூடினாலும் தப்பாது. அடிப்பிடிக்கும் சமயத்தில் மட்டும் பக்கத்து அடுப்பில் ரொட்டி போடுகிறவர், "மாஸ்டர், கருகுது, கருகுது!" என்று கத்துவார். மாஸ்டர் அடுப்பைத் திட்டுவார். கேஸ் கம்பெனியைத் திட்டுவார். சட்டியின் அடிப்பாகம் மெல்லிசு என்று சட்டியின் பரம்பரையையே திட்டுவார். மூக்கு போய்விட்டது என்று சொன்னால் பேரில் மிஞ்சுவது மாஸ்டர் மட்டுமே. மூக்கில்லாத மாஸ்டரை எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள்?

கேன்டீனில் ஏமாற்றுவதுகூடச் சுலபம். வீட்டில்தான் தட்டுகள் இருந்தன.

மகள் கல்யாணமாகித் தூர ஊருக்குப் போனபிறகு மனைவி தொடங்கிய வேலை அது. சமையலறை ஜன்னலோரம் மேடை மேல் வரிசையாகத் தட்டுகள். அடியில் ஓட்டை போட்ட தட்டு ஒன்று, அதைத் தாங்க ஓட்டையில்லாத தட்டு இன்னொன்று. மேல் தட்டில் தேங்காய் நார்த்தூள். செங்கல் போல அழுத்திக் கட்டிய தூள்தான் கடையில் கிடைக்கும். வெந்நீர் வாளியில் போட்டால் தூங்கி எழுந்த யானை போல மெல்ல மெல்ல உப்பி வாளியை நிறைக்கும். அதில் உப்பு இருக்கும் என்று இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, கையில் பிடித்துப் பிழிவாள். நீர் ஒழுகக் கூடாது, விரலிடுக்கில் கசிய மட்டுமே வேண்டும். அதை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, மட்டமாகத் தட்டி, மேலே விதை. எல்லாம் வெந்தயமும் கடுகும்தான். முளைத்து முதல் இலை விரித்த உடனே கத்தரித்து டப்பாவில் அடைப்பது. வாங்குகிறவர்கள் மைக்ரோகிரீன்ஸ் என்றார்கள். மனைவி குட்டிக்கீரை என்றாள்.

வெந்தயத்தை முதல் நாளே ஊறப்போட்டு, வழவழப்புப் போக அலசி வடித்துவிட்டுத்தான் விதைக்க வேண்டும். கடுகை ஊறவைக்கவே கூடாது. ஈரம் பட்டதும் பிசின் விட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு தட்டில் பரவாது. உலர்ந்த கடுகை அப்படியே தூவ வேண்டும். கடுகு தூவுவது மாஸ்டர் வேலை. உப்புத் தூவுவது போலக் கையை உயரத் தூக்கி, விரல் நுனிகளால் உதிர்ப்பார். ஓரிடத்தில் குவியாது, ஓரிடத்தில் மொட்டையாகாது.

"என் கைக்கு இது வராதுங்க" என்பாள் மனைவி. "நான் தூவினா கடுகெல்லாம் ஒரு மூலைல உக்காந்து மாநாடு நடத்துது."

பிறகு தண்ணீரைப் பனி போலப் பீய்ச்சி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து இருட்டாக்கி வைப்பாள். வெந்தயத்தின் மேல் சுத்தமான செங்கல் ஒன்றை வேறு ஏற்றிவைப்பாள். பாரம் இருந்தால்தான் வேர் நார்த்தூளுக்குள் இறங்கிப் பிடிக்கும் என்பாள். முளை எழும்பித் தட்டையே தூக்கும்போது மூடியை எடுத்து, ஒரே ஒரு முறை தண்ணீர் தெளித்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைப்பாள். அதன்பின் தண்ணீர் மேலே கிடையாது, அடித்தட்டில் மட்டுமே. வேர் குடித்துக்கொள்ளும்.

இதெல்லாம் அவள் வேலை. மாஸ்டருக்கு இன்னொரு வேலை உண்டு. தினம் காலையில் மூடி எடுத்த ஒவ்வொரு தட்டையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "மூக்க வைங்க" என்பாள். ஈரம் மிஞ்சினால் நார்த்தூள் புளித்துவிடும். பூஞ்சை பிடித்தால் பழைய அலமாரி போல ஒரு வாடை வரும். கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலேயே அந்த மூக்குக்குத் தெரிந்துவிடும். "தண்ணி கூடிப்போச்சு" என்பார். இல்லையென்றால், "பச்சையா இருக்கு" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வெந்தயம் அறுத்த நாட்களில் கையையும் நீட்டுவாள். தன் விரலின் வாசனை தனக்கே தெரியாத பெண்மணி. அவர் முகர்ந்து, "வெந்தயமே வந்து நிக்குது" என்றால் சிரிப்பாள்.

காய்ச்சலுக்குப் பிறகும் அவர் மூக்கை வைத்துக்கொண்டுதான் இருந்தார். தட்டு நீண்டதும் குனிவார், மூச்சை இழுப்பார், கண்ணைக் கொஞ்சம் மூடுவார். நாடகத்துக்கு அது அவசியம். பிறகு, "பச்சையா இருக்கு." கையை நீட்டினால், "வெந்தயமே வந்து நிக்குது." இதுவரை மாட்டவில்லை. காரணம் அவர் சாமர்த்தியமல்ல. அவள் தட்டுகளை அவ்வளவு நன்றாக வைத்திருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் செஃப் அம்மா வந்தார். நகரத்தின் பெரிய உணவகம் ஒன்றின் தலைமைச் சமையல்காரர். கீழ்வீட்டுப் பெண்மணி அவருக்குக் கொடுத்தனுப்பிய குட்டிக்கீரை டப்பா ஒன்றை ருசி பார்த்துவிட்டு, நேரே மாடியேறி வந்துவிட்டார். தட்டுகளை நின்றபடி பார்த்தார். கடுகிலிருந்து ஒரு தளிரைக் கிள்ளி வாயில் போட்டு, கண்ணைச் சுருக்கினார்.

"காரம் நேரா மூக்குக்கு ஏறுது. இதுதான் வேணும். எனக்கு ஒரு தட்டு வெந்தயம், ஒரு தட்டு கடுகு கொண்டாங்க. சரியா இருந்தா வாராவாரம் உங்ககிட்டயே."

அவர் போனபின் மனைவி கொஞ்ச நேரம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். "என்னைத் தேடி மாடியேறி ஒருத்தர் வந்திருக்காங்க" என்றாள். இருபத்தைந்து வருஷமாக இந்த வீட்டுக்கு மாடியேறி வந்தவர்கள் எல்லாம் அவரைத் தேடி வந்தவர்கள்தான் என்பது மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

வெந்தயத்தை அவள் விதைத்தாள். சில நாள் கழித்துக் கடுகை அவர் தூவினார், இரண்டும் ஒரே சமயத்தில் அறுப்புக்கு வர வேண்டுமே. எல்லாம் கணக்காக நடந்துகொண்டிருந்தபோது அவள் தங்கைக்குப் பித்தப்பையில் கல் என்று திடீரென ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டியபடியே பாடம் நடத்தினாள்.

"வெந்தயத்துக்கு அடித்தட்டுல தண்ணி. நிறைய ஊத்திடாதீங்க, கேன்டீன் அண்டா இல்ல அது. நாளைக்குக் கடுகு மூடியத் திறந்து வெளிச்சத்துல வைங்க. மூக்க வைங்க. பூஞ்சை வாடை வந்துச்சுன்னா யோசிக்காதீங்க, அந்தத் தட்டத் தூக்கி வெளிய போட்டுடுங்க. பக்கத்துத் தட்டுக்குத் தொத்திக்கும். புரியுதா?"

"முப்பது வருஷமா முந்நூறு பேருக்குச் சமைக்கிறேன்."

"அதான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை மாஸ்டர் கடுகுத் தட்டின் மூடியைத் தூக்கினார். தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றது.

தட்டு முழுக்க வெள்ளை. மஞ்சள் முளைகளின் காலடியில் பஞ்சு போல, தூசு போல, எங்கு பார்த்தாலும் மென்வெள்ளை. அதுவரை ஒருநாளும் அவர் மூடி திறந்ததில்லை. அது எப்போதும் அவள் வேலை, அவர் கேன்டீனுக்குப் போனபின் நடப்பது. அவர் முகத்துக்கு வரும்போது தட்டு தண்ணீர் தெளித்துத் துடைத்து விட்ட பிள்ளையாகத்தான் வரும்.

மூக்கை வைத்தார். மூச்சை ஆழமாக இழுத்தார். ஈரக் காற்று குளிர்ச்சியாக உள்ளே போனது. அதில் ஒன்றுமில்லை. நிமிர்ந்து, மூக்கைச் சிந்தி, முகத்தைக் கழுவிவிட்டு வந்து மறுபடி வைத்தார். பழைய அலமாரி எப்படி மணக்கும் என்று நினைவுபடுத்திப் பார்த்தார். அலமாரி கண்ணுக்கு வந்தது, வாடை வரவில்லை. சமையல்மேடையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தன் வீட்டு ஜன்னலோரத்தில், ஒரு தட்டுக் கடுகுக்கு முன்னால் அவர் திக்கற்று நின்றார்.

போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்: வாடை அடிக்குதா?

பக்கத்தில் வெந்தயம் தளதளவென்று நின்றது. தொத்திக்கும் என்று சொல்லியிருந்தாள். இரண்டும் போய்விட்டால் மாடியேறி வந்த அம்மாவுக்கு என்ன கொண்டுபோவது? மாஸ்டர் தட்டைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் ஒரு புதுப் பையை விரித்து, நார்த்தூளோடு வேர் பின்னிப் பாய் போலாகியிருந்த முளைகளை முழுதாகப் பேர்த்து அதற்குள் சரித்தார். பையை முடிச்சுப் போட்டு மாடிப்படி முனையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அன்று கேன்டீனில் எதுவும் கருகவில்லை. அதுவே அவருக்கு அபசகுனமாகப் பட்டது.

சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி வந்துவிட்டிருந்தாள். தங்கைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, பக்கத்தில் தங்கையின் கணவர் இருக்கிறார். கை கால்கூடக் கழுவாமல் ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"கடுகு எங்கங்க?"

"பூஞ்சை புடிச்சிருச்சும்மா. தட்டு முழுக்க வெள்ளை. தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் முகம் விழுந்தது. "என் தட்டுலயா? தண்ணி அதிகமா விடலயே நான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, "வாடை ரொம்ப அடிச்சுதா?"

"அத ஏன் கேக்கறே. வீடே நாறிப்போச்சு."

சொல்லும்போது மூக்கைக்கூடச் சுளித்துக் காட்டினார். நடிப்பு கொஞ்சம் கூடிப்போனது அன்றைக்குத்தான்.

அவள் படி முனையிலிருந்த பையை எடுத்து வந்து, மேடையில் வைத்துப் பிரித்தாள். கடுகுப் பாய் மடங்கிக் கிடந்தது. வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்ததால் உதிரவில்லை. அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஓரத்தைப் பார்த்தாள். தண்ணீர் பீய்ச்சும் குப்பியை எடுத்து, அந்த ஓரத்தில் இரண்டு முறை அழுத்தினாள்.

வெள்ளை மறைந்தது. பஞ்சு இருந்த இடத்தில் வெறும் வேர் நனைந்து மினுங்கியது.

"இது பூஞ்சை இல்லீங்க" என்றாள். குரல் மெதுவாக இருந்தது. "வேர்முடி. ஒவ்வொரு வேரச் சுத்தியும் பிரஷ் மாதிரி நிக்கும். கடுகுக்கு எப்பவும் வரும். தண்ணி பட்டா படிஞ்சுடும், காஞ்சா திரும்ப எழுந்துக்கும். பூஞ்சைன்னா ஒட்டடை மாதிரி ஒரு தண்டுலேர்ந்து இன்னொரு தண்டுக்குத் தாவியிருக்கும், தெளிச்சாலும் போகாது."

"ஓ" என்றார் மாஸ்டர்.

"வேர்முடிக்கு வாடை கிடையாது."

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"வீடே நாறிப்போச்சுன்னு சொன்னீங்களே. என்ன நாறிச்சு?"

அடுப்பு, கேஸ் கம்பெனி, சட்டி என்று அவர் வழக்கமாகத் திட்டும் ஆட்கள் யாரும் அந்த நேரத்துக்கு உதவிக்கு வரவில்லை. பாயை அவள் கையிலிருந்து வாங்கி மேடையில் வைத்தார். வைத்துவிட்டு, தட்டிடம் சொல்வது போலச் சொன்னார்.

"எனக்கு மூக்கு போயிருச்சும்மா. அந்தக் காய்ச்சல்ல."

"காய்ச்சல்லயா? எந்தக் காய்ச்சல்? ரெண்டு மாசமாச்சே அது!"

"ஆமா."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். தட்டு போச்சு, ஆர்டர் போச்சு என்பாள், தானும் தலைகுனிந்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஆயத்தமாகவும் இருந்தார். அவள் கையைத்தான் பார்த்தாள். தன் வலது கையை விரித்து, ஏதோ வேறு யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருள் போலப் பார்த்தாள்.

"அப்போ போன வாரம் என் கைய மோந்து பாத்துட்டுச் சொன்னது?"

"பழக்கத்துல சொன்னேன்."

"வெந்தயமே வந்து நிக்குதுன்னு."

"ஆமா."

"சிரிச்சேனே நான், மடச்சி."

அது அவருக்கு வலித்த அளவுக்குக் கடுகு வலிக்கவில்லை. அவள் மடமடவென்று அடுப்புக்குப் போனாள். குமிழ்களைத் திருகிப் பார்த்தாள். சிலிண்டரின் தலையைக் கையால் தடவினாள். அது சரியாகத்தான் மூடியிருந்தது. அப்படியே அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க மூக்கு இருக்குங்கிற தைரியத்துல நான் கண்ண மூடித் தூங்கியிருக்கேன். ரெண்டு மாசமா இந்த வீட்ல மூக்கே இல்லாம ரெண்டு பேர் படுத்திருந்திருக்கோம். கேஸ் கசிஞ்சிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? சொல்லியிருந்தா ராத்திரி நானே எழுந்து மூடிட்டுப் படுத்திருப்பேனே. என்னாலயும் முடியாது, உங்களாலயும் முடியாதுன்னு தெரிஞ்சிருந்தா ஏதாவது பண்ணியிருப்பேனே!"

மாஸ்டருக்கு அது ஒருநாளும் தோன்றியதில்லை. மூக்கு தன் சொந்த நஷ்டம் என்றே நினைத்திருந்தார். தன் பேர், தன் வேலை, தன் மானம். அதில் பாதி அவளுடையது என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

அவரும் கீழே உட்கார்ந்தார். முட்டி ஒரு சத்தம் போட்டது. "மூக்கு போனதுன்னா மூக்கு மாஸ்டர்ல பாதி போச்சு. மிச்சப் பாதிய வச்சு நீ என்ன பண்ணுவேன்னு..." என்று வேடிக்கையாகத் தொடங்கினார். முடிக்க வரவில்லை.

அவள் சிரிக்கவில்லை. "எதுவுமே தெரியலயா? என் தலைமுடி, சோப்பு, மழை? ஒண்ணுமே?" என்றாள்.

"ஒண்ணுமே."

"ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?"

யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. கேட்க வழியே விடவில்லையே அவர். "வீட்டுக்குள்ள நுழையும்போதுதான்" என்றார். "முன்னாடியெல்லாம் கதவத் திறந்தா நீ இருக்கியா இல்லையான்னு தெரியும். இப்ப கூப்பிட்டுப் பாக்க வேண்டியிருக்கு."

அவள் எழுந்து போய்க் கடுகுப் பாயை நிமிர்த்தி மறுபடியும் தட்டில் பரப்பினாள். ஒரு ஓரம் நசுங்கியிருந்தது, நடுவில் ஒரு கிழிசல். "பையில போட்டத விக்க முடியாது. ஆனா உசுரு இருக்கு" என்று அடித்தட்டில் தண்ணீர் ஊற்றினாள்.

வெந்தயம் அறுப்புக்கு வந்தது. நார்த்தூளுக்குச் சற்று மேலே கத்தரித்து, ஒட்டியிருந்த விதைத்தோலை உதறி, ஈரமில்லாமல் டப்பாவில் அடுக்கினாள். உணவகத்துக்கு அவளோடு மாஸ்டரும் போனார். அவளாகக் கூப்பிடவில்லை. அவரும் காரணம் சொல்லவில்லை. பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் நுழைந்ததும் இரைச்சலும் ஆவியும் எதிர்கொண்டன. பத்து விதமாக ஏதேதோ வெந்துகொண்டிருந்தது. மாஸ்டருக்கு அது சத்தம் மட்டும் வரும் சினிமா போல இருந்தது.

செஃப் அம்மா டப்பாவைத் திறந்து முகர்ந்தார், ஒன்றைக் கடித்தார், தலையாட்டினார். "கடுகு?"

மனைவி வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் சொன்னார்: "கடுகு நல்லாத்தான் வந்துச்சுங்க. நான்தான் வேர்முடியப் பாத்துப் பூஞ்சைன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டேன். எனக்கு மோப்பம் போயிருச்சு. அவங்க மேல தப்பில்ல."

ஒரு சமையல்காரர் இன்னொரு சமையல்காரரிடம், பத்துப் பேர் வேலை செய்யும் அடுப்படியில், சத்தமாகச் சொல்லக்கூடிய வாக்கியமல்ல அது. பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி ஒரு நொடி நின்றது.

செஃப் அம்மா கையைத் துடைத்துக்கொண்டார். "நீங்க எங்க சமைக்கிறீங்க?"

"ஆபீஸ் கேன்டீன்ல. முந்நூறு பேருக்கு."

"அங்க தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிடுங்க மாஸ்டர்." அந்தக் குரலில் இரக்கமும் இல்லை, இளக்காரமும் இல்லை. "எண்ணெய் கெட்டுப்போனா நாக்கு சொல்றதுக்குள்ள மூக்கு சொல்லணும். இறைச்சியும் அப்படித்தான். கை எவ்வளவு நல்ல கையா இருந்தாலும் கைக்கு அது தெரியாது. நம்பிச் சாப்பிடறாங்க இல்ல?" பிறகு மனைவியைப் பார்த்து, "நீங்க கடுக மறுபடி போடுங்க. காத்திருக்கேன். ஆனா ஒரு தடவதான்" என்றார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தில் விழாமல் இருக்கப் பிடிப்பது போலத்தான் பிடித்தாள். ஆனால் அங்கே கூட்டமே இல்லை.

அவர் கேன்டீன் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் வெகுநேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். கடைசியில் சரக்கு பார்ப்பதும் அடுப்பைப் பார்ப்பதும் ரொட்டிக்காரர் பொறுப்பு என்றும், அளவும் பக்குவமும் மாஸ்டர் பொறுப்பு என்றும் முடிவாயிற்று, தற்காலிகமாக. தற்காலிகம் என்ற சொல்லை மேனேஜர் இரண்டு முறை சொன்னார். ரொட்டிக்காரர் மட்டும், "எனக்கு அப்பவே தெரியும் மாஸ்டர். சும்மா சட்டியத் திட்டுற ஆள் இல்ல நீங்க" என்றார். அதற்குப் பிறகு அங்கே யாரும் மூக்கு மாஸ்டர் என்று கூப்பிடவில்லை. இரக்கத்தால்தான். ஆனாலும், கூப்பிட்டிருந்தால் இதைவிடக் குறைவாகத்தான் வலித்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

வீட்டில் சிலிண்டருக்குப் பக்கத்தில், கேஸ் கசிந்தால் அலறும் சின்னக் கருவி ஒன்று சுவரில் ஏறியது. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனார்கள். திரும்ப வரலாம், வராமலும் போகலாம், யாராலும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். தெரிந்த வாசனை ஒன்றிரண்டைக் காலையும் மாலையும் முகரச் சொன்னார். அது எப்படி மணக்கும் என்று நினைவுபடுத்திக்கொண்டே முகர வேண்டும், மாதக்கணக்கில் ஆகும், விடக்கூடாது என்றார்.

புதுக் கடுகை அவர்தான் தூவினார். குப்பைக்குப் போய்வந்த அந்தப் பழைய கடுகுப் பாய் ஜன்னலோரத் தட்டிலேயே இருந்தது. பாதி பட்டுப்போனது. மீதிப் பாதி கோணல்மாணலாக எழுந்து, வெளிச்சத்தைப் பார்த்துச் சாய்ந்து, இதயம் போலப் பிளந்த குட்டி இலைகளை விரித்தது. ஒரு காலை நேரத்தில் மனைவி அதிலிருந்து ஒரு கொத்தைக் கத்தரித்துக் கழுவி அவரிடம் நீட்டினாள்.

"விக்கத்தான் முடியாது. நாம தின்னலாம்."

வாயில் போட்டு மென்றார். முதலில் ஈரம், பிறகு ஒரு பச்சைக் கசப்பு. அதற்கப்புறம் திடீரென்று ஏதோ ஒன்று நாக்கின் பின்னாலிருந்து பாய்ந்து மூக்குக்குள் ஏறியது. நெற்றிவரை சுளீரென்றது. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. அவர் மேடையைப் பிடித்துக்கொண்டார். மூக்குக்குள் இத்தனை நாளாக இருளடைந்து கிடந்த வீட்டில் யாரோ கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தது போல இருந்தது.

மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"வந்துருச்சாங்க? வாசனை வந்துருச்சா?"

இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு ஆசையாக அவரிடம் ஒன்றைக் கேட்டதில்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கண்ணில் தண்ணீர் வேறு சாட்சிக்கு நிற்கிறது. நடிக்கக்கூட வேண்டியதில்லை. மாஸ்டர் ஒரு நொடி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூச்சை இழுத்துப் பார்த்தார். எரிச்சல் அடங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடினார்.

"இல்லம்மா" என்றார். "காரம் ஏறுது, எரியுது. அவ்வளவுதான். அது வாசனை இல்ல."

அவள் தலையாட்டினாள். கொஞ்சம் அதிக நேரம் ஆட்டினாள். தோளில் கிடந்த துண்டால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள், பிறகு அதே துண்டால் தன் கண்ணையும்.

"சரி. எரியறதாவது எரியுதே" என்றாள். "அந்தம்மா சொன்னது நிஜம்தான், நேரா மூக்குக்குத்தான் ஏறுது."

"ஏறி என்ன பண்றது, அங்க ஆள் இல்லையே."

இந்த முறை அவள் சிரித்தாள். பெரிதாக ஒன்றுமில்லை, மூக்கடைத்தவர்கள் சிரிக்கும் அந்தப் பாதிச் சிரிப்பு. பிறகு கத்தரிக்கோலை வைத்துவிட்டு, அன்று காலையில் அறுத்த வெந்தயத்தின் சாறு காயாத விரல்களை அவர் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள்.

"மூக்க வைங்க."

மாஸ்டர் குனிந்தார். கண்ணை மூடினார், இந்த முறை நாடகத்துக்காக இல்லை. வெந்தயம் எப்படி மணக்கும் என்று நினைத்துப் பார்த்தார். அவள் கை, அந்தக் கதவு, திறந்ததும் உள்ளே அவள் இருக்கிறாள் என்று தெரிந்த அந்தச் சாயங்காலங்கள். மெதுவாக இழுத்தார். விரல்கள் ஈரமாகவும் சற்றுக் குளிர்ச்சியாகவும் இருந்தன.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"சரி" என்றாள் அவள். கையை எடுக்கவில்லை. "இன்னொரு தடவ இழுங்க."